கோவிந்தனைக் காணவில்லை

கணிப்பொறி நிரலில் ஒரு பிழை தென்பட்டால் இன்று பலரும் செய்வது ஒன்றுதான். திரையில் நடப்பதை அப்படியே பதிவுசெய்து, நிரல் எழுதியவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கண்ணால் கண்டதைக் காட்டிவிட்டோம், இனி அவர் பாடு என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு நிரல் எழுதியவர் செய்யக்கூடியது மிகக் கொஞ்சமே. அதே பிழையைத் தம் கணிப்பொறியில், தம் கையால் அவர் வரவழைத்தாக வேண்டும். வரவழைக்க முடியாத பிழையைத் திருத்தினால், அது உண்மையிலேயே திருந்திவிட்டதா என்று சோதிக்கவும் வழியில்லை. எனவே திரைப்பதிவுக்கும் திருத்தத்திற்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்து, "முதலில் இதைச் செய்க, பிறகு இதைச் செய்க, அப்போது இது நிகழும்" என்று எழுதித் தரவேண்டியிருக்கிறது. அவ்வாறு நான் எழுதித் தந்த ஒன்றைப் பற்றித்தான் இக்கட்டுரை.

திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் என் சித்தி தட்டச்சராகப் பணிபுரிகிறார். பழைய காகிதப் பதிவேடுகளில் உள்ள பெயர்களைக் கணிப்பொறியில் ஏற்றி, கேட்டு வருவோருக்கு நகல் எடுத்துத் தரும் பணி அங்கே நடக்கிறது. மயிலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தம் 1978ஆம் ஆண்டுப் பதிவின் நகலைக் கேட்டு வந்திருக்கிறார். ஓய்வூதியத்திற்கு அது வேண்டுமாம். பெயர் கோவிந்தன். சித்தி பெயரை அடித்துத் தேட, திரையில் "பதிவு இல்லை" என்று வந்தது. அடுத்த இருக்கையில் உள்ள இளநிலை உதவியாளர் வந்து அதே கணிப்பொறியில், அதே கட்டத்தில், அதே பெயரை அடித்தார். பதிவு வந்தது! அந்தப் பெரியவரைப் பொறுத்தவரை நல்ல வேளை. ஆனால் இதற்கு முன்னர் "பதிவு இல்லை" என்று கேட்டுவிட்டுப் பேருந்து ஏறிப் போனவர்கள் எத்தனை பேர்? சித்திக்கு அதுதான் உறுத்தியது. இரண்டு தேடலையும் மறுபடி செய்து, 47 வினாடிகள் ஓடும் திரைப்பதிவாக்கிச் சென்னையிலுள்ள நிரல் எழுதியவருக்கு அனுப்பினார். "பார்த்தேன் அம்மா. என்னிடம் சரியாகத்தான் வருகிறது. என்ன செய்தால் வருகிறது என்று படிப்படியாக எழுதி அனுப்புங்கள்" என்று மறுமொழி வந்தது. பதிவு விழுப்புரத்திலிருக்கும் என்னிடம் வந்து சேர்ந்தது.

அவர் கேட்டதில் தவறில்லை. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில், தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவக் கருவி நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. கருவி செய்தவர்களால் அந்தக் கோளாற்றை முதலில் வரவழைக்க முடியவில்லை. அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கிய பெண்மணியும் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துத்தான் உண்மையைக் கண்டார்கள். தவறாக அடித்த ஓர் எழுத்தை மேலே சென்று திருத்தி, முழுவதையும் எட்டு வினாடிக்குள் முடித்துவிட்டால் கோளாறு வரும். மெதுவாக அடித்தால் வராது. என்ன அடித்தார்கள் என்பது மட்டும் போதவில்லை, எப்படி அடித்தார்கள் என்பதும் வேண்டியிருந்தது.

நம் கதையும் அதே இடத்திற்குத்தான் வருகிறது. முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பதிவைப் பார்த்தேன். பேச்சு காதில் விழுந்தால் பேசுகிறவரின் ஊகமும் சேர்ந்து விழும் என்பதே காரணம். கண்ணில் பட்டதை மட்டும் நேரத்தோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். 12ஆம் வினாடியில் கட்டம் வெறுமையாக உள்ளது. 19இல் "கோவிந்தன்" முழுமையாக உள்ளது. 21இல் "பதிவு இல்லை". 31இல் கட்டம் மீண்டும் வெறுமை, 36இல் "கோவிந்தன்", 38இல் ஒரு பதிவு. இரண்டு "கோவிந்தன்"களையும் பெரிதாக்கி அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட வேறுபாடில்லை.

திரைப்பதிவின் குறைபாடு இங்கேதான் இருக்கிறது. அது திரையைக் காட்டும், விரலைக் காட்டாது. எந்த விசை அழுத்தப்பட்டது, எந்த விசைப்பலகை அமைப்பு தேர்ந்திருந்தது, பதிவு தொடங்குமுன் என்ன நடந்தது என்பனவெல்லாம் அதற்கு வெளியே. ஆயினும் விரலின் நிழல் திரையில் விழத்தான் செய்கிறது. அந்தப் பதிவில் வினாடிக்கு 30 படங்கள். வேகமாகத் தட்டச்சு செய்பவரின் இரு விசைகளுக்கு நடுவே ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வினாடி இருக்கும் என்று கொண்டால், ஒவ்வொரு விசைக்கும் நான்கு படங்களாவது கிடைக்கும். வி.எல்.சி. என்னும் படக்காட்டியில் E விசையை அழுத்த அழுத்த, பதிவு ஒவ்வொரு படமாக நகரும். (வினாடிக்கு ஐந்தாறு படங்கள் மட்டும் எடுக்கும் பதிவாக இருந்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்.)

அப்படி நகர்த்தியபோது, உதவியாளரின் தேடலில் முதலில் "க", அடுத்து "கோ" என்று வந்தது. சித்தியின் தேடலில் "க", பிறகு நான்கே நான்கு படங்களுக்குக் "கே", அதன்பின் "கோ".

உடனே தொலைபேசியில் கேட்டேன். "சித்தி, கோ எப்படி அடிப்பீங்க? விசையைச் சொல்லுங்க."

"எப்படி அடிப்பாங்க? க, இரட்டைக்கொம்பு, கால். மெஷின்ல கொம்பு முதல்ல, இதுல க முதல்ல, அவ்வளவுதாம்பா வித்தியாசம்" என்றார். சித்தி தட்டச்சுப் பயிலகத்தில் படித்து ஹையர் தேறியவர். தட்டச்சுப் பொறியில் கோ என்பது மூன்று தட்டு. உதவியாளருக்கோ அந்தப் பழக்கமில்லை, கணிப்பொறியிலேயே கற்றவர்.

அந்த அலுவலகத்தில் உள்ளது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. அதில் k என்பது க, s என்பது ே, e என்பது ா, a என்பது ோ. உதவியாளர் k a என்று அடிக்கிறார். சித்தி k s e என்று அடிக்கிறார். ஒருங்குறியில் ோ என்பதற்குத் தனிக் குறியெண் 0BCB உண்டு. ே (0BC7), ா (0BBE) ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து இட்டாலும் திரையில் அதே வடிவம்தான் எழும். இரண்டும் சமமானவை என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. ஆனால் எண்களை எண்களாக ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். சென்னை நண்பர் பயன்படுத்துவது 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு. அதில் h x என்று அடித்தால் கோ வரும். கொம்பையும் காலையும் பிரித்து அடிக்கும் பழக்கத்திற்கே அங்கு இடமில்லை. அவரிடம் பிழை வராததன் மர்மம் இவ்வளவே.

எனினும் ஊகம் ஊகமே அல்லவா? கட்டத்தில் கோ அடித்துப் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டச் சொன்னேன். உதவியாளர் அடித்ததில் "க" மிஞ்சியது. சித்தி அடித்ததில் "கே" மிஞ்சியது. இந்தச் சோதனை எல்லா மென்பொருளிலும் செல்லாது. சில, அழிக்கும்போது எழுத்தைத் தாமே பிரித்துக்கொள்வதால் இரண்டிலும் ஒரே விடை தரும். எனவே இருவரையும் தாம் அடித்த கோவை ஒரு கோப்பில் ஒட்டி அனுப்பச் சொல்லி, பைத்தான் மொழியில் ஒரே வரியால் சோதித்தேன்.

```
print(ascii(input()))
```

ஒன்று `'\u0b95\u0bcb'` என்றது. மற்றது `'\u0b95\u0bc7\u0bbe'` என்றது.

இனிச் சுருக்கும் வேலை. கோவிந்தன் முழுதும் வேண்டுமா? வேண்டாம், கோ ஒன்றே போதும். 1978ஆம் ஆண்டுப் பதிவு வேண்டுமா? வேண்டாம், வெறும் பதிவேட்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் அப்படியே. இன்ஸ்கிரிப்ட் வேண்டுமா? ஒட்டினாலும் பிழை வருகிறது, ஆகவே வேண்டாம். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோதுதான் வேறொரு கேள்வி எழுந்தது. சித்தி தேடினால் கிடைப்பதில்லை என்பதைப் பதிவு காட்டுகிறது. சித்தி ஏற்றிய பெயரைப் பிறர் தேடினால்? பதிவில் இது இல்லவே இல்லை. செய்து பார்த்தேன், அதுவும் கிடைக்கவில்லை.

என் பார்வையில் இந்தப் பிழையின் கனம் முழுதும் இந்தப் பாதியில்தான் இருந்தது. நிரல் எழுதியவர் பதிவை மட்டும் பார்த்துத் தேடும் சொல்லை ஒரே வடிவாக்கும்படி திருத்தியிருந்தால், சித்தி ஆண்டுக்கணக்கில் ஏற்றிவைத்த கோபால்கள், யசோதாக்கள், மனோகரன்கள், நம் பக்கத்துக் கொளஞ்சிகள் எவரும் இனி எவர் தேடினாலும் அகப்பட மாட்டார்கள். முன்பு சித்திக்காவது அகப்பட்டார்கள்! ஆகவே இரண்டு திசையையும் எழுதினேன்.

1. வெறும் பதிவேட்டைத் திறக்கவும். இணைத்துள்ள கோப்பின் முதல் வரியைப் (0B95 0BCB) பெயர்க் கட்டத்தில் ஒட்டிச் சேமிக்கவும்.
2. அதே வரியைத் தேடவும். ஒரு பதிவு வரும்.
3. கோப்பின் இரண்டாம் வரியைத் (0B95 0BC7 0BBE) தேடவும். "பதிவு இல்லை" என்று வரும். அதே பதிவு வந்திருக்க வேண்டும்.
4. இன்னொரு வெறும் பதிவேட்டில் இரண்டாம் வரியைச் சேமித்து, முதல் வரியைத் தேடவும். இங்கும் "பதிவு இல்லை".

கீழே நிரலின் பதிப்பெண், விண்டோஸ் 10, பத்து முறை செய்ததில் பத்து முறையும் வந்தது என்பவற்றைக் குறித்தேன். திரைப்பதிவில் 12 முதல் 38ஆம் வினாடி வரை பார்த்தால் போதும் என்றும் எழுதினேன். இரு வடிவங்களையும் மடலிலேயே தட்டாமல் தனிக் கோப்பாக இணைத்ததற்குக் காரணம் உண்டு. வழியில் ஏதேனும் ஒரு மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் சோதனையே பாழ்.

அன்று மாலையே விடை வந்தது. மூன்றாம் படியிலும் நான்காம் படியிலும் பிழை அவருக்கும் வந்துவிட்டது. பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் `unicodedata.normalize("NFC", name)` என்ற ஒரு வரியைச் சேர்த்தார். ஏற்கெனவே உள்ள பெயர்களையும் ஒருமுறை அதன் வழியே ஓடவிட்டார்.

"நான் இனிமே a விசையிலதான் அடிக்கணுமா?" என்று சித்தி கேட்டார். வேண்டாம், வழக்கம்போலவே அடியுங்கள் என்றேன். ஆனால் கௌரி என்ற பெயர் இன்னும் அகப்படவில்லை. அதைச் சிலர் ௌ என்னும் ஒரே குறியால் எழுதியிருக்கிறார்கள். சிலர் ஒற்றைக்கொம்பையும் ள என்னும் எழுத்தையும் சேர்த்துக் கெளரி என்று எழுதியிருக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றாயினும் ஒருங்குறி இவற்றைச் சமமாகக் கொள்வதில்லை, ஆதலால் அந்த ஒரு வரி இங்கே பயன்படாது. அதற்கு வேறு செய்முறை, வேறு மடல். அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.