துண்டில் இருந்த ஆறு வரிகள்

போன வருசம் ஒரு பின்னேரம், வாட் ரவுண்ட் முடிஞ்ச பிறகு சேர் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டைத் தந்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதுற படிவத்தின் பின்பக்கத்தில், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக ஆறு வரிகள்.

டெங்கு, இரவு, அந்தப் பெடியன்.
நோட்ஸ் நல்லம்.
முதல் இரண்டு மாதம் கிளினிக்கில் ஸ்லோ.
எனொக்ஸபரின், தானே வந்து சொன்னா.
அமைதி. கடின உழைப்பாளி.
சொந்தக்காரரோட கதைக்கிற விதம்.

"இதை ஒரு கடிதமாக்கித் தாரும். நான் பார்த்துத் திருத்திறன்" எண்டார்.

எங்கட வாட்டில் ஆறு மாதம் இன்ரேனாக இருந்த ஒரு தங்கச்சிக்கான சிபாரிசுக் கடிதம் அது. இங்கேயே எம்.டி. செய்யப் போறவைக்கு இப்படியொரு கடிதத்தால் பெரிய அலுவல் இல்லை. கொழும்பில் உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தேர்வெழுதிப் புள்ளி எடுத்தால்தான் உள்ளே போகலாம். அவ விண்ணப்பிச்சது அமெரிக்காவில் பொதுமருத்துவ ரெசிடென்சிக்கு. அங்கே விண்ணப்பம் ஈராஸ் என்கிற இணைய அமைப்பு வழியாகத்தான் போகும். ஒரு பயிற்சித் திட்டத்துக்கு ஆகக் கூடியது நாலு கடிதம் அனுப்பலாம். கடிதத்தை எழுதினவர்தான் நேரே ஏற்ற வேணும். கடிதத்தை வாசிக்கிற உரிமையைத் தான் கைவிடுறதா இல்லையா எண்டு விண்ணப்பிக்கிறவர் முன்கூட்டியே தெரிவு செய்ய வேணும். அநேகம் பேர் கைவிடுவினம். எழுதினவர் மனம் திறந்து எழுதியிருக்கிறார் எண்டு வாசிக்கிறவை நம்ப அதுதான் ஒரே வழி.

அவவும் கைவிட்டிருந்தா. அதனால்தான் சேர் "நீரே எழுதிக் கொண்டு வாரும்" எண்டு அவவிடம் சொல்லவில்லை. பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. கன்சல்டன்டுக்கு நேரமில்லை, பிள்ளை தானே தன்னைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதும், அவர் கையெழுத்து வைப்பார். வாசிக்கிற உரிமையைக் கைவிட்ட ஒருவர் தானே எழுதின கடிதத்தை அனுப்பினால் அந்தக் கைவிடல் பொய். நான் அந்த வாட்டில் மெடிக்கல் ஒஃபிசர், அவவோட வேலை செய்தனான். அதாலதான் துண்டு என்னட்ட வந்தது.

அண்டிரவே ஒரு பக்கம் எழுதி முடிச்சன். ஆங்கிலத்தில் அது நல்ல வடிவாகத்தான் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: அர்ப்பணிப்பு மிக்கவர், கடின உழைப்பாளி, அமைதியான சுபாவம், எல்லாருடனும் நன்றாகப் பழகுவார், உங்கள் திட்டத்துக்குப் பெரும் சொத்தாக இருப்பார். மூன்றாவது வரியையும் நாலாவது வரியையும் நான் தொடவேயில்லை. ஸ்லோ எண்டதையும் மருந்துப் பிழையையும் சிபாரிசுக் கடிதத்தில் ஆர் எழுதுவினம்?

அடுத்த நாள் சேர் வாசிச்சுப்போட்டு, "இதில அவ எங்க இருக்கிறா?" எண்டு கேட்டார். எனக்கு விளங்கேல்லை. "பேரை வெட்டிப்போட்டு உம்மட பேரைப் போட்டுப் பாரும். பொருந்துதா?" பொருந்தினது. வாட்டில் இருந்த மற்ற மூண்டு இன்ரேன்களின் பேருக்கும் பொருந்தினது.

பிறகு அவர் "கடின உழைப்பாளி" எண்ட சொல்லைச் சுத்தி ஒரு வட்டம் போட்டார். "இது நான் எழுதித் தந்தது, பிழை என்ர பக்கம்" எண்டார். அவர் சொன்னதன் காரணத்தைப் பிறகு நான் தேடி வாசிச்சன். 2003இல் ரிக்ஸ், சென்கா எண்ட இரண்டு ஆய்வாளர்கள், அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் வேலை கிடைச்சவர்களுக்காக எழுதப்பட்ட 300க்கு மேற்பட்ட சிபாரிசுக் கடிதங்களை ஆராய்ந்திருக்கினம். பெண்களுக்கு எழுதின கடிதங்கள் சராசரியில் கட்டையாக இருந்தன. உழைப்பைச் சொல்லுற சொற்களும், "என்றாலும்", "போலத் தெரிகிறது" மாதிரிச் சந்தேகம் கிளப்புற சொற்களும் அவற்றில் கூட இருந்தன. கடினமாக உழைக்கிறா எண்டு மட்டும் சொன்னால், திறமை இல்லாத இடத்தை உழைப்பால நிரப்புறா எண்டும் அதை வாசிக்கலாம். ஒரு பெண்ணாக நானே இன்னொரு பெண்ணுக்கு அதைத்தான் எழுதியிருந்தன்.

"முதலாவது வரியில இருந்து தொடங்கும். அண்டிரவு உமக்குத்தானே அவ முதல் கோல் எடுத்தது?" எண்டார் சேர்.

ஓம். விடிய மூண்டு மணி இருக்கும். 19 வயதுப் பெடியன், டெங்கு. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கி 14 மணித்தியாலம். இந்தக் கசிவு 48 மணித்தியாலம் வரை நீடிக்கும், ஆபத்தான கட்டம் அதுதான். இதில் ஏமாத்துறது என்னவெண்டால், ஆள் பார்க்க நல்லா இருப்பார். அந்தப் பெடியனும் கட்டிலில் எழும்பி இருந்து போன் பார்த்துக் கொண்டுதான் இருந்தவன். அவ எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, பிறசர் 100க்கு 76. மூண்டு மணித்தியாலத்துக்கு முதல் 112க்கு 78. பி.சி.வி. 40இல இருந்து 47. இதுவரைக்கும் 1,400 மில்லி லீற்றர் போயிருக்கு. கசிவு கூடுது எண்டு நினைக்கிறன், வேகத்தைக் கூட்டட்டோ?"

மேல் பிறசருக்கும் கீழ் பிறசருக்கும் உள்ள வித்தியாசம் 34இல் இருந்து 24க்கு இறங்கியிருந்தது. அது 20க்கு வந்தால் அதிர்ச்சி நிலை. மேல் எண்ணை மட்டும் பார்க்கிறவர் 100 எண்டதும் நிம்மதியாகத் திரும்பிப் போயிருப்பார். அதோட, இதுவரை எவ்வளவு நீர் போனது எண்ட கணக்கும் அவவிடம் இருந்தது. 50 கிலோ வளர்ந்தவருக்கு அந்த 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து 4,600 மில்லி லீற்றர்தான் ஒதுக்கு. பயத்தில் அள்ளிக் குடுத்தால் பிறகு அது நெஞ்சறைக்குள் தேங்கி மூச்சை அடைக்கும். நான் வாட்டுக்குப் போனன், சேருக்கும் சொன்னம், வேகத்தைக் கூட்டினம். பெடியன் அதிர்ச்சிக்குப் போகாமலே வீட்ட போனான்.

இதை நாலு வசனத்தில் எழுதினன். நோயாளியின் பேர், கட்டில் இலக்கம், திகதி ஒண்டும் இல்லை. வயதும் நோயும் போதும். "கூர்மையான அவதானிப்பு" எண்ட சொல்லைக் கடைசியில் சேர்த்தன். சேர் அதை வெட்டினார். வாசிக்கிறவரே அதைச் சொல்லட்டும் எண்டார்.

இனி நாலாவது வரி. இதுக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் கனநேரம் வாதாடினம்.

நெஞ்சு நோவோட வந்த ஒரு வயதான அம்மா. ரத்தம் உறையாமல் இருக்க எனொக்ஸபரின் ஊசி, கிலோவுக்கு ஒரு மில்லி கிராம், 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டு அவ எழுதினா. வழக்கமான அளவு அதுதான். ஆனால் சிறுநீரகம் நல்லாப் பழுதான ஆக்களுக்கு அதே அளவு நாளுக்கு ஒருக்காத்தான் குடுக்கலாம். இல்லாட்டில் மருந்து உடம்பில் தேங்கி ரத்தம் கசியலாம். கிரியற்றினின் ரிப்போட் வரமுதலே எழுதியிருந்தா, வந்த பிறகு பார்க்கேல்லை. இரண்டாவது ஊசியும் போய்விட்டது. அடுத்த நாள் காலமை ஆறு மணிக்கு ரிப்போட்டுகளை ஒட்டேக்க அவவே கண்டுபிடிச்சா. வேற ஒருத்தருக்கும் தெரியாது. அம்மாவுக்கு ஒண்டும் ஆகேல்லை. பேசாமல் அளவை மாத்தி எழுதியிருக்கலாம். ரவுண்டுக்கு முதல் சேருக்குக் கோல் எடுத்துச் சொன்னா. நோட்ஸில் நடந்ததை நடந்தபடி எழுதினா. பிறகு சேரிட்டக் கேட்டுப்போட்டு, மகளைக் கூப்பிட்டு இருத்தி, என்ன பிழை, இனி எதைக் கவனிச்சுப் பார்ப்பம் எண்டு விளங்கப்படுத்தினா. துண்டில் இருந்த ஆறாவது வரி உண்மையில் இந்தக் கதைதான்.

"சேர், நூற்றுக்கணக்கான விண்ணப்பம் பார்க்கிறவை இரண்டு நிமிசத்தில ஓடி வாசிப்பினம். மருந்துப் பிழை எண்ட சொல் மட்டும்தான் கண்ணில படும். அவவுக்கு விசா, சோதனை எண்டு எவ்வளவு காசு போயிருக்கு" எண்டன்.

சேர் கொஞ்ச நேரம் பேசேல்லை. "உம்மட பயம் சரி. அதால எங்க வைக்கிறது, எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிப்பம். ஆனா நான் அவவை நம்புறதுக்குக் காரணம் டெங்குக் கதை இல்லை, இதுதான். என்ர காரணத்தை விட்டுப்போட்டு வேற காரணத்தை எழுதினா அது என்ர கடிதமில்லை" எண்டார்.

கடைசியில் டெங்குக்குப் பிறகு அதை வைச்சம். பிழையை ஒரே வசனத்தில், மழுப்பாமல். நோயாளிக்குப் பாதிப்பில்லை எண்டு அதே வசனத்தில். அவ செய்த மூண்டு காரியத்தையும் அடுத்த வசனத்தில். அதுக்குப் பிறகு மிச்சமிருந்த மாதங்களில் கிரியற்றினின் எண்ணை மருந்துத் தாளின் மேல் மூலையில் எழுதி வைக்கிற பழக்கத்தை அவ கொண்டு வந்ததையும், மற்ற இன்ரேன்களும் அதைப் பின்பற்றினதையும் சேர்த்தம்.

"ஸ்லோ" எண்டதையும் விடேல்லை. முதல் இரண்டு மாதம் கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு அவ எடுத்த நேரம் கூட, ஆறாம் மாதம் மற்றவையோட சமமாக முடிச்சா எண்டு எழுதினம். "அமைதி" எண்டதை எடுத்தாச்சு. "அமைதியானவர் என்றாலும்" எண்டுதான் அந்த வசனம் என்ர கையில வந்து கொண்டிருந்தது. அந்த "என்றாலும்" எதுக்கு எண்டு எனக்கே தெரியேல்லை.

ஒப்பீட்டு வரியை நான் "மிகச் சிறந்தவர்களில் ஒருவர்" எண்டு எழுதியிருந்தன். சேர் அதை மாத்தி, தனக்குக் கீழ் வேலை செய்த ஏறக்குறைய 60 இன்ரேன்களில் முதல் பத்துக்குள் வருவா எண்டு எழுதினார். "முதல் மூண்டு எண்டு போடலாமே சேர்?" எண்டு கேட்டன். "அந்த மூண்டு பேருக்கும் நான் ஏற்கனவே எழுதிப்போட்டன்" எண்டார்.

கடிதம் ஏறின பிறகு அவ ஒருநாள் கன்ரீனில் கேட்டா. "அக்கா, சேர் என்ன எழுதினவர்?"

"சொல்ல மாட்டன்."

"எனொக்ஸபரின் கதை இருக்குமோ?"

நான் தேத்தண்ணியைக் குடிச்சன். அவ கொஞ்ச நேரம் என்ர முகத்தைப் பார்த்தா. பிறகு, "இன்ரவியூவில உம்மட பிழை ஒண்டைச் சொல்லும் எண்டு கேட்டா நான் அதைத்தான் சொல்லுறதா இருக்கிறன்" எண்டா.

இப்ப புது இன்ரேன்கள் வந்திருக்கினம். வெள்ளை மேலங்கிப் பொக்கற்றில் ஒரு சின்னக் கொப்பி வைச்சிருக்கிறன். ஆராவது ஒண்டைச் செய்தால் திகதியைப் போட்டு, என்ன நடந்தது எண்டு இரண்டு வரி எழுதுவன். நல்லதோ பிழையோ, நடந்தது மட்டும். போன கிழமை எழுதினது: "இரவு 11. சீனி 2.8 எண்டு ரிப்போட். ரிப்போட்டை நம்பாமல் தானே திரும்பக் குத்திப் பார்த்தார். ஆனா குளுக்கோஸ் குடுக்க முதல் பார்த்துக் கொண்டு நின்று ஐஞ்சு நிமிசம் பிந்திப் போனார்." அந்தப் பெடியன் நாளைக்கு ஒரு கடிதம் கேட்டு வந்தால், இதிலிருந்து தொடங்கலாம்.