வெள்ளை நாடாவும் சணலும்

ஜேர்மனியில் பல ஆண்டுகளாகக் குழாய் பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். இங்குள்ள பழைய தொழிலாளர் சணல் நாரையும் பசையையும் தவிர வேறெதையும் நம்புவதில்லை. எம்மவரோ எதற்கெடுத்தாலும் வெள்ளை நாடாவைச் சுற்றுகின்றனர்.

அண்மையில் நண்பர் ஒருவரின் வீட்டில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கான பைப் சுவருக்குள் நுழையுமிடத்தில் நீர் கசிந்தது. கசிவு சிறிதுதான். ஆனால் சுவருக்குள் இறங்கும் நீர் கீழ்வீட்டின் கூரையில் கறையாகத் தெரியும்போது, நட்டஈடு கேட்டு வீட்டுக்காரரின் கடிதமும் வந்துவிடும்.

நீரை அடைத்துப் பைப்பைக் கழற்றினோம். சணல் முழுவதும் மரையின் அடியில் வளையமாகச் சுருண்டு கிடந்தது. காரணம் தெளிவு: மரை பளபளப்பாக, வழுவழுப்பாக இருந்தது. சணல் பற்றிக்கொள்ள மரை சொரசொரப்பாக இருத்தல் வேண்டும்; இல்லையேல் திருகும்போது வழுக்கி வெளியே வந்துவிடும். இத்தகைய மரைக்கு நாடாவே மேல். பிளாஸ்டிக் மரைக்கும் அதுவே நல்லது. நீரில் ஊறிப் பருக்கும் சணல் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யக்கூடும்.

பழைய நாரைத் தூரிகையால் அகற்றி, இரு மரைகளையும் நன்கு உலர்த்தினோம். மரையின் முனை எம்மை நோக்கியிருக்க, கடிகார முள் சுழலும் திசையில் நாடாவைச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால், உட்செலுத்தும்போது நாடா அவிழ்ந்து திரண்டுவிடும். முனையிலுள்ள முதல் மரையை வெறுமையாக விட்டு, நாடாவை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முன்னையதில் பாதியை மூடும்படி சுற்றினேன். மரையின் வரிகள் நாடாவினூடே தெரியவேண்டும். அரை அங்குல மரைக்கு, 12 மில்லிமீற்றர் அகலமான மெல்லிய நாடா ஏறத்தாழப் பத்துச் சுற்று பிடிக்கும். மூன்று சுற்றோடு நிறுத்துவதே எம்மவர் வீடுகளில் நான் அதிகம் காணும் குறை.

திருகும்போதுதான் நாடாவின் பலவீனம் தெரியும். பைப்பின் வாய் கீழ்நோக்கி நிற்க வேண்டும். சற்றுக் கூடுதலாகத் திருகிவிட்டால், சணலாயின் சிறிது பின்னே திருப்பலாம். நார் பருத்து இடைவெளியை அடைத்துவிடும். நாடாவைப் பின்னே திருப்பினால் கசியும். அப்போது கழற்றி, பழைய நாடாவை முற்றாக நீக்கி, புதிதாகச் சுற்றுவதே வழி. ஆகவே முதலில் நாடா இன்றித் திருகி, எத்தனை சுற்று உட்செல்கிறது, வாய் எங்கே நிற்கிறது எனப் பார்த்துக்கொண்டேன். கலப்புப் பைப்பை மட்டம் பார்த்து நிறுத்தும் வளைந்த இணைப்புகளுக்கு, முன்பின் திருப்ப நேர்வதால், நானும் சணலையே எடுப்பேன்.

இயந்திரத்தின் நீர்க்குழாய் பைப்போடு சேருமிடத்தில் எதுவும் சுற்ற வேண்டாம். அங்கே நீரை அடைப்பது உள்ளேயுள்ள றப்பர் வளையம். எரிவாயுக் குழாய்களில் நீங்களே கைவைக்காதீர்கள்.

நீரைத் திறந்தபின் மூட்டைத் துடைத்து, உலர்ந்த கடதாசியைச் சுற்றிவிட்டோம். மறுநாட் காலையிலும் அது உலர்ந்தே இருந்தது.