அறுபது சதவீத அடைப்பு: எதில் அறுபது?



முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். சதவீதம் என்று யார் சொன்னாலும் "எதில்?" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வியைக் கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் கேட்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தில் தெரிந்துகொண்டோம். உங்களில் பலருக்கும் இப்போது ஐம்பது வயதைத் தொட்டிருக்கும். பாதிப் பேராவது பி.பி. மாத்திரை சாப்பிடுவீர்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் தங்கை மகனுக்கு வயது 52. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறான். பதினோரு வருடமாக பி.பி. உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவான், இல்லையென்றால் இல்லை. முழு உடல் பரிசோதனை என்று ஒரு பேக்கேஜில் போனவனுக்குக் கழுத்து ரத்தக்குழாய்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். வலது கரோட்டிட் தமனியில் பிளேக், 60 சதவீத அடைப்பு என்று ரிப்போர்ட் வந்தது. அவனுக்குக் கை கால் மரத்ததில்லை, பேச்சுக் குழறியதில்லை, எந்தத் தொந்தரவும் கிடையாது. இருந்தாலும் ஆஞ்சியோகிராம் செய்து ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று சொல்லி, தேதியும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுக்கத் தயாராகிவிட்டான். தங்கைதான் வற்புறுத்தி வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுக்க வைத்தாள். அங்கே "50 சதவீதத்துக்கும் குறைவு" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"ரெண்டுல எதுங்க மாமா தப்பு?" என்று இரண்டு ரிப்போர்ட்டையும் கொண்டுவந்து நீட்டினான். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்து, இப்போது ரேடியாலஜிஸ்டாக இருக்கும் ஒரு மாணவிக்கு இரண்டையும் அனுப்பினேன். படங்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டது. "சார், ரெண்டுமே தப்பில்லை. நீங்க போர்டுல போட்ட கணக்குதான் இது" என்றது.

அது சொன்னதை அப்படியே போர்டில் போடுகிறேன், பாருங்கள்.

கழுத்தில் மேலே ஏறும் தமனி, தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மூளைக்குப் போகிறது, மற்றது முகத்துக்குப் போகிறது. பிரிகிற இடத்தில் குழாய் குமிழ் போலக் கொஞ்சம் அகன்றிருக்கும். அதைத்தான் ரிப்போர்ட்டில் பல்ப் என்று எழுதுகிறார்கள். ரத்தம் அங்கே சுழித்து ஓடுவதால், பிளேக் என்கிற கொழுப்புப் படிமம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் சேரும். பல வருடம் பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இது சீக்கிரம் சேர்கிறது.

இவனுக்கு அந்த இடத்தில் குழாயின் அசல் விட்டம் 6 மி.மீ. பிளேக் போக ரத்தம் ஓட மிச்சமிருக்கும் வழி 3.8 மி.மீ. அடைப்பு எத்தனை சதவீதம்?

விட்டத்தைக் கொண்டு கணக்கிட்டால், 6-ல் 2.2 போயிருக்கிறது. அது 37 சதவீதம்.

பரப்பைக் கொண்டு கணக்கிட்டால், விட்டங்களின் வர்க்கத்தை எடுக்க வேண்டும். 6-ன் வர்க்கம் 36, 3.8-ன் வர்க்கம் 14.44. மிச்சம் 40 சதவீதம், போனது 60 சதவீதம். முதல் ரிப்போர்ட்டின் 60 இப்படி வந்ததுதான். குறுக்குவெட்டுப் படத்தில் வட்டம் வரைந்து பரப்பை எடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு முறையும் இருக்கிறது. பல்ப் இயல்பாகவே அகலமான இடம் என்பதால் அதோடு ஒப்பிடாமல், அதற்கு மேலே குழாய் சீராக ஓடும் இடத்தின் விட்டத்தோடு ஒப்பிடுவது. இவனுக்கு அங்கே 5 மி.மீ. அப்படிப் பார்த்தால் 5-ல் 1.2 தான் குறைவு, அதாவது 24 சதவீதம்.

ஒரே கழுத்து, ஒரே பிளேக். 60, 37, 24 மூன்றுமே சரியான விடைகள். எந்த முறை என்று எழுதாமல் சதவீதத்தை மட்டும் எழுதும்போதுதான் ஆபத்து வருகிறது.

ஏன் ஆபத்து? "70 சதவீதத்துக்கு மேல் போனால் ஆபரேஷன்" என்று ஒரு பேச்சு எல்லோருக்கும் தெரியும். அது 1991-ல் வட அமெரிக்காவில் வெளியான நாசெட் என்ற ஆய்விலிருந்து வந்தது. அந்த ஆய்வில் மூன்றாவது முறையில்தான் அளந்தார்கள். அதில் சேர்ந்தவர்களும் சும்மா ஸ்கேன் எடுத்தவர்கள் இல்லை. சமீபத்தில் சிறு பக்கவாதமோ, வந்து தானாகச் சரியான பக்கவாத அறிகுறியோ கண்டவர்கள். அவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தவர்களுக்கு மருந்து மட்டும் கொடுத்தபோது, இரண்டு வருடத்தில் நூற்றுக்கு 26 பேருக்கு அதே பக்கத்தால் பக்கவாதம் வந்தது. ஆபரேஷன் செய்தவர்களில் அது 9 பேராகக் குறைந்தது. பெரிய பலன்தான், சந்தேகமில்லை. ஆனால் பரப்பில் கணக்கிட்ட 60-ஐ எடுத்துக்கொண்டு, எழுபதுக்குப் பத்துதான் பாக்கி என்று பயப்படுவது, கிலோவையும் பவுண்டையும் ஒரே தராசுத் தட்டில் போடுவது போல. இவனை அந்த ஆய்வின் கணக்கில் வைத்தால் 24-ல் நிற்கிறான். அறிகுறியும் எதுவும் இல்லை.

டாப்ளர் ஸ்கேனில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அடைப்பின் அளவைக் கண்டுபிடிக்க நிபுணர்கள் முதலில் பார்ப்பது ரத்தத்தின் வேகத்தை. செடிக்குத் தண்ணீர் விடும்போது குழாய் வாயைப் பெருவிரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சுமே, அதே தத்துவம். ரிப்போர்ட்டில் பி.எஸ்.வி. என்று ஒரு எண் இருக்கும். இதயம் சுருங்கும்போது ரத்தம் ஓடும் உச்ச வேகம் அது. மூளைக்குப் போகும் கிளையில் அது நொடிக்கு 125 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அடைப்பு 50 சதவீதத்துக்கும் குறைவு. 125 முதல் 230 வரை என்றால் 50 முதல் 69 சதவீதம். 230-ஐத் தாண்டினால் 70 அல்லது அதற்கு மேல். அமெரிக்க ரேடியாலஜி நிபுணர்கள் கூடி முடிவு செய்து 2003-ல் வெளியிட்ட எல்லைகள் இவை. வேகத்தை வைத்து "50-க்குக் கீழே", "50 முதல் 69" என்று வகைதான் சொல்ல முடியும், துல்லியமாக 60 என்றோ 62 என்றோ சொல்ல முடியாது.

இவனுடைய வேகம் 92. முதல் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அதுவும் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

வேகமும் சில நேரம் ஏமாற்றும். ஒலிக்கதிருக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையே உள்ள கோணம் 60 டிகிரிக்கு மேல் போனால் கணக்கு பிசகிவிடும். குழாய் வளைந்து நெளிந்திருந்தால், அடைப்பு இல்லாமலேயே வேகம் கூடும். ஒரு பக்கம் முழுக்க அடைத்திருந்தால், மறுபக்கம் அந்த வேலையையும் சேர்த்துச் செய்வதால் அங்கேயும் வேகம் கூடும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, குழாய் நூலிழை அளவுக்கு அடைத்துப்போன நிலை. அப்போது ரத்தமே குறைவாக ஓடுவதால் வேகம் குறைந்துவிடும். எண்ணை மட்டும் பார்த்தால் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அதனால் படமும் வேகமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்ப்பார்கள். இவனுக்கு இரண்டும் ஒத்துப்போயின. ஸ்டென்ட் தேதியை ரத்து செய்தோம். ஸ்டென்ட் வைக்கும்போதே பக்கவாதம் வரும் வாய்ப்பும் சிறிதளவு உண்டு. தேவைப்படுகிறவர்கள்தான் அதை ஏற்க வேண்டும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாப்பிள்ளை நிம்மதியாக ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, "அப்ப மாத்திரைய விட்டுடலாமுங்களா மாமா?" என்று கேட்டான் பாருங்கள்!

முதல் பயத்தைவிட இந்த நிம்மதி பெரிய ஆபத்து. குழாய் குறுகி ரத்தம் போகாமல் நின்று வரும் பக்கவாதம் குறைவு. பெரும்பாலும் பிளேக்கின் மேல்தோல் வெடித்து, அந்தப் புண்ணில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மேலே மூளைக்குப் போய் அடைப்பதால்தான் வருகிறது. வெடிக்க 70 சதவீதம் ஆக வேண்டியதில்லை. சுண்ணாம்பு ஏறி இறுகிய பிளேக்கைவிட, ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும் மென்மையான பிளேக் வெடிக்க வாய்ப்பு அதிகம். அதனால் ரிப்போர்ட்டில் சதவீதத்தைப் பார்ப்பதோடு, பிளேக் எந்த வகை, அதன் மேற்பரப்பு வழுவழுப்பா கரடுமுரடா என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். இன்னொன்று, கழுத்தில் பிளேக் இருந்தால் இதயத்தின் குழாய்களிலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

அவனை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போனோம். அன்று பி.பி. 156/94. கெட்ட கொழுப்பு எல்.டி.எல். 148. பி.பி.யை 130/80-க்குக் கீழேயும் எல்.டி.எல்.லை 70-க்குக் கீழேயும் கொண்டுவர வேண்டும் என்றார். பி.பி. மாத்திரையை மாற்றி, இரவில் ஒரு ஸ்டாட்டின் மாத்திரை சேர்த்தார். ஆஸ்பிரின் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதால், வயிற்றுப்புண், ரத்தக்கசிவு எதுவும் உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் எழுதினார். ஒரு வருடம் கழித்து, முடிந்தவரை அதே இடத்தில், அதே முறையில் மறுபடி ஸ்கேன். இடத்தை மாற்றினால் முறையும் மாறும், பிளேக் வளர்ந்ததா அளவு மாறியதா என்று தெரியாமல் போய்விடும்.

ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் காலையும் இரவும் பி.பி. பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறான். போன வாரம் பார்த்தேன், பெரும்பாலும் 128, 126 என்று இருந்தது. எல்.டி.எல். 81-க்கு வந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி ரிப்போர்ட் வந்தால் மூன்றே கேள்விகள் கேளுங்கள். இந்தச் சதவீதம் விட்டத்திலா, பரப்பிலா? வேகம் எவ்வளவு? படமும் வேகமும் ஒத்துப்போகின்றனவா? கேட்டால் ரேடியாலஜிஸ்டுகள் சொல்வார்கள். பரப்பு என்றால், மிச்சமிருக்கும் பங்கின் வர்க்கமூலத்தை எடுங்கள், விட்டக் கணக்கு கிடைத்துவிடும். பரப்பில் 75 சதவீதம் என்றால் விட்டத்தில் 50 தான்.

ஆனால் திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை காலில் பலம் போனாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கண்ணில் திரை விழுந்தது போலப் பார்வை மறைந்தாலோ, சதவீதக் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும்.

மருத்துவர்களாக இருக்கும் என் மாணவர்கள் இதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்கள் இன்று ராத்திரி மாத்திரை போட்டாயிற்றா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.