மொழிபெயர்ப்புப் பொறியும் கண்டறியும் கருவியும்: எழுதியவர் யார்?

தமிழில் ஒருவர் தாமே எழுதிய கட்டுரையைப் பொறிவழி ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைச் செயற்கை நுண்ணறிவு எழுத்தைக் கண்டறியும் கருவியிடம் கொடுத்தால், ‘இயந்திரம் எழுதியது’ என்ற முடிவு வரக்கூடும். கருவி பழுதானது என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. அது அளப்பது ஒன்று. அதனிடம் பல்கலைக்கழகம் கேட்பது வேறொன்று.

இத்தகைய கருவிகளில் பல, ‘பெர்ப்ளெக்சிட்டி’ எனும் அளவையோ அதற்கு நெருங்கியதையோ சார்ந்துள்ளன. ஒரு தொடரின் முற்பகுதியைப் படித்த மொழி மாதிரி, அடுத்த சொல்லை எவ்வளவு எளிதில் ஊகிக்கிறது என்பதே அது. ஊகம் தொடர்ந்து பலித்தால் எண் குறையும். எண் குறைந்தால் ஐயம் எழும். மொழிபெயர்ப்புப் பொறியோ ஒவ்வோர் இடத்திலும் நிகழ்தகவு மிகுந்த சொல்லை நோக்கியே செல்கிறது. இரண்டும் உறவினர்களே. இன்றைய மொழி மாதிரிகளின் அடித்தளமான ‘டிரான்ஸ்ஃபார்மர்’ கட்டமைப்பு, 2017இல் முதன்மையாக மொழிபெயர்ப்புப் பணியில்தான் சோதித்துக் காட்டப்பட்டது. ஒரே முழக்கோலால் ஒருவர் வெட்டியதை மற்றவர் அளந்தால், அளவு பொருந்தத்தானே செய்யும்?

தமிழின் பக்கமிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம்:

“மழை விட்டதும் கிழவி திண்ணையைத் துடைத்து, விளக்கேற்றி, காப்பி கீப்பி போட்டு வைத்து, வராத பேரனுக்காகக் காத்துக் கிடந்தாளாம்.”

பொறி தரக்கூடிய ஆங்கிலத்தை மீண்டும் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “மழை நின்ற பிறகு மூதாட்டி திண்ணையைத் துடைத்தார், விளக்கை ஏற்றினார், காப்பி தயாரித்தார். பின்னர், வராத தம் பேரனுக்காகக் காத்திருந்தார்.”

செய்தி தவறவில்லை. ஆனால் ‘ஆம்’ என்ற ஈறு போயிற்று; சொல்பவர் நேரில் கண்டவரல்லர், கேட்டதைச் சொல்கிறார் என்ற குறிப்பும் அதனுடன் போயிற்று. ‘கீப்பி’ போயிற்று. ‘கிடந்தாள்’ என்பதிலிருந்த இரக்கம் ‘காத்திருந்தார்’ என்பதில் இல்லை. ஒரே முற்றுவினையை நோக்கி நடந்த எச்சங்களின் சங்கிலி, சம நீளமுள்ள துண்டுகளாக அறுந்தது.

வந்தான், வந்துவிட்டான், வந்து தொலைந்தான், வந்தானாம் ஆகிய நான்கும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே வினையில் சென்று அடங்கும். ஆனால், ஆயினும், எனினும், இருப்பினும் ஆகியவை ஓரிரு இணைப்புச் சொற்களுக்குள் ஒடுங்கும். எழுதியவர் பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்த தடயம் இப்படித்தான் அழிகிறது. கருவி தேடுவதோ அந்தத் தடயத்தையே.

மொழிபெயர்ப்பே இடையில் இல்லாதபோதும் இச்சிக்கல் உண்டு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 விழுக்காட்டைக் கருவிகள் இயந்திர எழுத்து எனத் தவறாகக் குறித்தன. அதே கட்டுரைகளின் சொல்வளத்தைக் கூட்டியபோது பிழை வெகுவாகக் குறைந்தது. குறுகிய சொல்தேர்வே குற்றச்சாட்டுக்குக் காரணமாயிற்று என்பதே இதன் பொருள்.

இந்தியச் சூழலில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் 10, 40, 60 விழுக்காடு என்ற எல்லைகளை வகுத்தன. அவை ஒப்புமைக்கானவை. ஒப்புமை அறிக்கை எந்த வரி எந்த மூலத்தோடு பொருந்துகிறது எனக் காட்டும். மாணவர் அதைப் பார்த்து மறுக்கலாம். கண்டறியும் கருவியின் விழுக்காடு வெறும் ஊகம். சுட்டிக்காட்ட மூலம் ஏதுமில்லை. இரண்டும் ஒரே குறியீட்டோடு அச்சாவதால், தமிழில் ஆய்வேடு எழுதி ஆங்கிலச் சுருக்கத்தைப் பொறிவழி பெற்ற மாணவர், திருடாத பொருளுக்கு விளக்கம் சொல்லும் நிலைக்கு ஆளாகக்கூடும்.

ஐயத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. உரைநடை ஆக்கும் மாதிரிகள் பரவுவதற்கு முன், எடுத்துக்காட்டாக 1990களில், அச்சான தமிழ்க் கட்டுரைகள் சிலவற்றை அதே பொறியில் மொழிபெயர்த்து அதே கருவியில் இடலாம். அவையும் குறிக்கப்பட்டால், கருவி பிடித்தது மொழிபெயர்ப்பாளனைத்தான், ஆசிரியரை அன்று. குறிக்கப்படாவிட்டால் அதுவே மாணவருக்கு எதிரான சான்றாகிவிடாது. பொருளும் நடையும் மாறினால் எண்ணும் மாறும்.

மாணவர் தமிழ் வரைவுகளை நாள்வாரியாகப் பாதுகாத்து வைப்பதும், பொறியைப் பயன்படுத்தியதை முகப்பிலேயே குறிப்பிடுவதும் நல்லது. இயந்திரமே எழுதிய தமிழை மொழிபெயர்த்தாலும் இதே எண் வரக்கூடும் என்பதையும் மறுக்க இயலாது. அதனால்தான் ஆங்கிலப் பிரதியை மட்டும் வைத்து எவரையும் குற்றவாளியாக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. நெறியாளர் தமிழ் மூலத்தைப் படித்தாக வேண்டும்.