கையில் தந்த அமானிதம்



கைத்தொலைபேசி திருத்துவது ஆண்பிள்ளைகளின் வேலை என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, புதிய போன் வாங்குவது எட்டாக்கனியானபோது, பழைய போனைத் திருத்திப் பாவிப்பவர்கள் எங்கள் தெருவிலும் கூடிவிட்டார்கள். திருத்து வேலை தெரிந்த என் தம்பியின் பக்கத்திலிருந்து ஆறு மாதம் பழகினேன். பிறகு கல்முனையில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டேன்.

அந்த மேசைக்கு நான் வாங்கிய சாமான்கள் கொஞ்சம்தான். நுண்ணிய திருகாணிகளுக்கான ஒரு திருப்புளிக் கட்டு, திறப்பதற்குப் பிளாஸ்டிக் தகடுகள், கூர்முனைச் சாமணம், ஒரு மல்டிமீட்டர், பசையை இளக்க ஒரு ஹீட் கன், துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் மதுசாரம், ஒட்டுவதற்குப் பசை. இவற்றோடு, சார்ஜருக்கும் வயருக்கும் இடையில் செருகும் விரலளவு மீட்டர் ஒன்று. எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் போகிறது என்று அது காட்டும். எனக்கு அதிகம் உழைத்துத் தந்தது அந்தச் சின்ன மீட்டர்தான். எப்படியென்று சொல்கிறேன்.

ஒருநாள் ஒரு ராத்தா வந்தார். "புள்ள, போன் சார்ஜ் ஏறுதில்ல. வேறொரு கடையில சார்ஜ் போர்ட் மாத்தணுமெண்டு சொல்றாங்க" என்றார். முதலில் அவருடைய வயரையே செருகிப் பார்த்தேன். அது முழுதாக உள்ளே போகாமல் ஒரு மயிரிழை வெளியே நின்றது. மீட்டரில் 5 வோல்ட் காட்டியது, அம்பியர் பூச்சியம். டோர்ச் அடித்துப் பார்த்தால், துளையின் அடியில் கைப்பையின் பஞ்சும் தூசும் இறுகிக் கிடந்தன. போனை அணைத்துவிட்டு, மெல்லிய மரக்குச்சியால் ஓரமாக நெம்பி எடுத்தேன். ஊசியால் குத்தினால் உள்ளிருக்கும் முனைகள் வளைந்துவிடும். திரும்பச் செருகியதும் வயர் 'டிக்' என்று இறுகியது, மீட்டரில் 1.3 அம்பியர் ஓடியது. ஒன்றும் மாற்றவில்லை. துப்புரவு செய்த கூலி மாத்திரம் வாங்கினேன். அந்த ராத்தா சொல்லித்தான் அடுத்த மாதம் ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

துளை சுத்தமாக இருந்து, வயர் இறுகியும் அம்பியர் ஏறாவிட்டால், வேறொரு நல்ல வயரையும் சார்ஜரையும் போட்டுப் பாருங்கள். அதற்கும் ஏறாமல், முனைகளில் பச்சைப் பாசி போலப் படிந்திருந்தால், தண்ணீர் பட்டிருக்கிறது என்று பொருள். மதுசாரம் தொட்ட தூரிகையால் துடைத்துப் பார்க்கலாம். அதற்கும் சரிவராவிட்டால்தான் போர்ட் மாற்றும் பேச்சு. பல போன்களில் அது தனிச் சிறு பலகையாக இருக்கும், கழற்றிப் பூட்டலாம். தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருந்தால் அதை நான் தொடுவதில்லை, தெரிந்தவரிடம் அனுப்பிவிடுவேன்.

இப்போது நான் விட்ட பிழையைச் சொல்லவேண்டும். தொடங்கி நாலு மாதமிருக்கும். பக்கத்துத் தெரு மாமி ஒருவர் கண்ணாடி உடைந்த போனைக் கொண்டுவந்தார். மௌத்தான அவருடைய கணவரின் குரல் பதிவுகள் அதில்தான் இருந்தன. புதிய டிஸ்பிளேயைப் பொருத்திப் பார்க்கும் அவசரத்தில், பெட்டரியின் இணைப்பைக் கழற்றாமலே டிஸ்பிளேயின் ரிபனைச் செருகிவிட்டேன். போன் அதிர்ந்தது, ஒலி வந்தது, திரை மட்டும் இருட்டு. டோர்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தபோது படம் மங்கலாகத் தெரிந்தது. படம் இருந்தும் வெளிச்சம் இல்லையென்றால், திரைக்குப் பின்னால் ஒளிகொடுக்கும் மின்வழி எரிந்துவிட்டது என்பது பெரும்பாலும் உறுதி. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிபனைச் செருகினால், முனைகள் ஒன்றோடொன்று தொட்டு இப்படி நடக்கும்.

டிஸ்பிளேதான் பழுது என்று நான் சொல்லியிருக்கலாம்; மாமிக்குத் தெரிந்திருக்காது. இரவெல்லாம் அந்த எண்ணம் என்னை விடவில்லை. காலையில் அவர் வீட்டுக்கே போய், "மாமி, பிழை என்னுடையது. பதிவுகள் அழியல்ல, வெளிச்சம்தான் போயிருக்கு. என்ட செலவில செய்து தாறன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "என்ன செய்தாலும் அத மட்டும் அழிச்சிராத மகள்" என்றார். கொழும்பில் தாய்ப்பலகை திருத்துபவரிடம் தம்பி கொண்டுபோனான். ஒன்பது நாளில் திரும்பி வந்தது. அந்த மாத உழைப்பில் பாதி போனது. அன்றிலிருந்து திருகாணி கழன்றவுடன் என் கை முதலில் போவது பெட்டரி இணைப்புக்குத்தான். வேலை தொடங்கமுன், திறக்கக்கூடிய போனென்றால், பதிவுகளைப் பிரதி எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

உதிரிப்பாகங்கள் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து வருகின்றன. போனின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் பல வகை உண்டு. செட்டிங்ஸில் இருக்கும் மாதிரி இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். டிஸ்பிளேயிலும் தரம் பல. அசல் திரை ஓலெட் வகையாக இருக்க, மலிவான எல்சிடி நகலைப் போட்டால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். திரைக்குள்ளேயே கைரேகை வாங்கும் போனில் அந்த வசதி வேலை செய்யாது. இதை முன்கூட்டியே சொல்லி, எது வேண்டுமென்று வாடிக்கையாளரையே தெரியவிடுங்கள். பாகம் வந்ததும் மேலிருக்கும் பாதுகாப்புத் தாளைக் கிழிக்காமல், ஒட்டாமல், இணைத்து மட்டும் பாருங்கள். ஒரு படக்குறியை விரலால் திரை முழுவதும் இழுத்துப் பாருங்கள். எங்காவது விரலை விட்டு நழுவினால் அந்த இடத்தில் தொடுகை இல்லை. வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்தால் கோடு தெரியும். தாள் கிழிந்த, பசை பட்ட பாகத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். ஊதிய பெட்டரி வந்தால் இரும்பால் நெம்பவே கூடாது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

கடைசியாக என் கொப்பியைப் பற்றிச் சொல்கிறேன். போன் கைக்கு வந்ததும் பெயர், தொலைபேசி எண், குறை, ஏற்கனவே இருக்கும் கீறல்கள், *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண், பேசிய விலை எல்லாம் அதில் எழுதி, அவரிடமே ஒப்பம் வாங்குவேன். போன் தானே விழிக்காவிட்டால் அந்த எண்ணை அதன் பெட்டியில் பார்க்கலாம். திருட்டுப்போன் கைக்கு வராமலிருக்கவும் இது உதவும். சிம்மையும் மெமரிக் கார்டையும் கழற்றி உடனே கொடுத்துவிடுவேன். பூட்டு இலக்கத்தை நான் கேட்பதில்லை. தேவையானால் உரியவரே இருந்து திறந்து தருவார். எங்கள் பெண்கள் போனைத் திருத்தக் கொடுக்கத் தயங்குவது பணத்துக்காக அல்ல, அதற்குள் இருக்கும் குடும்பப் படங்களுக்காகத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். கழற்றிய பழைய பாகத்தைப் பொட்டலமாகக் கையில் கொடுப்பேன். மேலதிகச் செலவு வந்தால் கேட்காமல் தொடமாட்டேன்.

மாமியின் குரல் பதிவு இன்றும் அந்தப் போனில்தான் இருக்கிறது. சென்ற மாதம் பெட்டரி மாற்ற வந்தார். வேறு கடைகள் வழியில் இருந்தும் என்னிடம் வந்தார். வேலை முடியும்வரை மேசைக்கு எதிரே இருந்து, நான் முதலில் பெட்டரி இணைப்பைக் கழற்றுகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.