மூன்று சொல்லில் ஒரே காய்

வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் விவசாயிகள் குழு ஒன்றுக்காக, வெளிநாட்டில் சரக்கு வாங்குபவர் அனுப்பும் ஆங்கில மின்னஞ்சல்களைத் தமிழில் எழுதித் தரும் வேலை எனக்குக் கிடைத்தது. குழுவில் பலர் தேனி, போடி வழிவந்த குடும்பங்கள். தமிழில் படித்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. அந்த வேலையில் நான் செய்த தவறு அறியாமையால் வந்ததல்ல. சொன்ன சொல்லையே திரும்பச் சொன்னால் நடை கெட்டுவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு விலை கொடுத்தது அவர்கள்.

இந்த வியாபாரத்தில் 'பல்க்' என்றால் உலர்த்தியபடியே, சல்லடையில் அளவு பிரிக்காமல் இருக்கும் காய். பிரித்த காய்க்குத் தனிப் பெயர்கள் உண்டு. அக்மார்க் தரப்படி 7 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்', 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 'ஆலப்பி கிரீன் போல்ட்'. பிரிக்காத காய்க்கும் பெரிய காய்க்கும் விலை வேறு வேறு. முதல் மின்னஞ்சலில் பல்க் என்பதை 'தரம் பிரிக்காத காய்' என்று சரியாகவே எழுதினேன். அடுத்ததில் 'கலப்புக் காய்' என்றேன். மூன்றாவதில், பல்க்குக்கு முன்பு சொன்ன விலையே நீடிக்கும் என்று அவர் எழுதியதை, 'மொத்தச் சரக்குக்கும் முன்பு சொன்ன விலையே' என்று எழுதி அனுப்பினேன்.

குழுவில் அப்போது பெரிய காயைச் சலித்துத் தனியாக வைத்திருந்தார்கள். 'மொத்தச் சரக்கு' என்றதும் அதுவும் சேர்த்தி என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். செயலாளர் போனில் கேட்டார்: "சார், பிரிக்காததுக்குச் சொன்ன விலையைப் பெரிய காய்க்கும் சொல்றாரே, இது நியாயமா?" அந்தக் கேள்வியிலேயே தவறு தெரிந்திருக்க வேண்டும். மூலத்தைத் திறந்து பார்க்காமல், "அப்படித்தான் எழுதியிருக்கார்" என்றேன். அவர்கள் பெரிய காயை உள்ளூர் வியாபாரியிடம் விற்றுவிட்டார்கள். வாங்குபவர் காத்திருந்துவிட்டு, ஏன் சரக்கு வரவில்லை என்று கேட்டபோதுதான் பழைய மின்னஞ்சல்களை வரிசையாக வைத்துப் படித்தேன். ஆங்கிலத்தில் ஒரே சொல், என் தமிழில் மூன்று. இதைவிட மோசமானது அதற்குப் பிறகு செய்தது: ஆங்கிலம் தெளிவாக இல்லை என்று செயலாளரிடம் சொன்னேன். அது பொய். ஆங்கிலம் தெளிவாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு அடுத்த பருவம்வரை ஆயிற்று.

அந்தத் தவறு தெரிந்த பிறகுதான் சொற்பட்டியல் ஒன்று வைத்தேன். கணினியில் ஒரு சிறிய அட்டவணை, நான்கு கட்டங்கள்: மூலச் சொல், அது குறிக்கும் பொருள், நான் எழுதும் தமிழ், எழுதக் கூடாத தமிழ். பல்க்குக்கு நேரே 'தரம் பிரிக்காத காய்'. கூடாதது 'மொத்தம்', ஏனென்றால் அது எடையைப் பற்றிய சொல். ஆட்களைக் குறிக்கும் சொற்களில் இன்னும் கவனம் வேண்டியிருந்தது. மலையாளத்தில் ஏலம் என்றால் காய், லேலம் என்றால் கூவி விற்பது. தமிழில் இரண்டுக்கும் ஏலம்தான். 'ஏலக்காரர்' என்று நான் எழுதினால் அது தோட்டக்காரரா, புற்றடியில் ஏலம் நடத்தும் நிறுவனமா, அங்கே எடுக்கும் வியாபாரியா? நறுமணப் பொருள் வாரியம், ஏலம் நடத்துபவருக்கும் வியாபாரிக்கும் தனித்தனி உரிமம் தருகிறது. ஆகவே 'ஏலம் நடத்துபவர்', 'உரிமம் பெற்ற வியாபாரி', 'விவசாயி' என்று மூன்றையும் கட்டிப்போட்டேன். ஏலம் என்ற சொல் விற்பனைக்கு மட்டும். பொருளுக்கு எப்போதும் ஏலக்காய்.

பொருளுக்கென்று ஒரு கட்டம் ஏன்? ஒரு மூலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று கண்ணை மூடிக்கொண்டு போனாலும் தவறு வரும். 'ஸ்டோர்' என்று தோட்டக்காரர் எழுதினால் அது பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம். வாங்குபவர் எழுதினால் சரக்கு வைக்கும் இடம். ஒரே சொல்லுக்குப் பட்டியலில் இரண்டு வரிசை வேண்டும். மாறக் கூடாதது ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்பது மட்டுமே. மின்னஞ்சலை அனுப்பும் முன் மூலத்தில் அந்தச் சொல்லைத் தேடி, அது வரும் ஒவ்வொரு இடத்திலும் என் தமிழைப் பார்க்கிறேன். நடுவில் பெயரை மாற்றத்தான் வேண்டும் என்றால், 'முன்பு இப்படி எழுதியது இனி இப்படி' என்று அடுத்த மின்னஞ்சலின் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தமில்லாமல் மாற்றுவதில்லை.

அடுத்த பருவம் தொடங்கும்போது செயலாளரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, பட்டியலையும் கொடுத்தேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பட்டியலைப் படித்து, 'உலர்த்தும் நிலையம்' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் 'ஸ்டோர்' என்றே எழுதினார். சரக்கு வைக்கும் இடத்துக்கு 'குடோன்' என்று வைக்கச் சொன்னார்.