தம்பிக்கு நான் எழுதாமல் விட்ட வரி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் இளையவர்கள் எல்லோருக்கும் பல வருடங்களாக ஒரே பிறந்தநாள் வாழ்த்தைத்தான் அனுப்பி வந்தேன். “கடந்த ஓராண்டில் உங்கள் அர்ப்பணிப்பும் கடின உழைப்பும் நம் குழுவுக்குப் பெரும் பலம். எல்லா வளமும் பெற வாழ்த்துகள்.” பெயரை மட்டும் மாற்றுவேன். வேலைக்குச் சேர்ந்து பயிற்சிக் காலமே முடியாத ஒரு பெண்ணுக்கும் இது போயிருக்கிறது. ஓராண்டு உழைப்புக்கு நன்றி என்று படித்தவர் என்ன நினைத்திருப்பார்? “நன்றி சார்” என்று பதில் போட்டார். வேறு எதைப் போட முடியும்?

நேரமில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைக் காரணம் வேறு. அதை ஒரு தம்பியின் விஷயத்தில்தான் கண்டுகொண்டேன்.

குழந்தைகளுக்கான டி-சர்ட் ஆர்டர் ஒன்று. நேவி நிறம். உடலுக்கு சிங்கிள் ஜெர்சி துணி, கழுத்துக்கு ரிப். இரண்டும் ஒரே சாயப்பட்டறையில் ஓடியிருக்க வேண்டும். அவசரத்தில் ரிப்பை மட்டும் வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டோம். வந்த துணிகளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். நிறம் ஒத்துப்போனது. கட்டிங்குக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

அந்தத் தம்பி கொடுக்கவில்லை. இரண்டையும் வெட்டி எடுத்து லைட் பாக்ஸுக்குள் வைத்து ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்திருக்கிறார். பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. ஐரோப்பியக் கடைகளின் வெளிச்சத்துக்கான டிஎல்84 விளக்கைப் போட்டதும் ரிப்பில் சிவப்பு தூக்கலாகத் தெரிந்தது. இரண்டு பட்டறைகளும் வெவ்வேறு சாயங்களைக் கலந்து அந்த நேவியைக் கொண்டுவந்திருந்தன. கலவை மாறினால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்புகிறவருக்கு இது அகப்படவே செய்யாது. பையர் தந்த தாளில் இரண்டு விளக்கிலும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. தம்பி அதைப் படித்திருந்தார். நானும் படித்தவன்தான்.

அவர் வந்து சொன்னபோது எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். “கட்டிங் டேபிள் சும்மா கிடக்குது, நீங்க லைட் போட்டு விளையாடிட்டு இருக்கீங்களா?” என்றேன். அவர் பதில் பேசாமல் இரண்டு துண்டுகளையும் என் மேஜையில் வைத்துவிட்டு நின்றார். லைட் பாக்ஸுக்குப் போய் நானே பார்த்தேன். பிறகு ரிப்பை மட்டும் உடல் துணி ஓடிய பட்டறையிலேயே புதிதாகச் சாயம் போட வைத்தோம். ஒரு டி-சர்ட்டில் ரிப் சிறு பங்குதான் என்பதால் அது சீக்கிரம் வந்தது, ஷிப்மெண்ட்டும் தேதிக்குப் போனது. வெட்டித் தைத்த பிறகு இன்ஸ்பெக்‌ஷனில் தெரிந்திருந்தால் கழுத்தைப் பிரித்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மொத்த சரக்கும் நின்றிருக்கும்.

வேலை முடிந்தது. நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சில மாதம் கழித்து அவர் பிறந்தநாள் என்று எச்.ஆர். பட்டியலில் வந்தது. அர்ப்பணிப்பு, கடின உழைப்பு என்று வழக்கமான வரிகளையே அனுப்பினேன்.

அவருக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லாமல் இல்லை. அந்த லைட் பாக்ஸ் எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. அதை எழுதினால் அன்றைக்கு நான் நடந்துகொண்டதும் கூடவே வந்து நிற்கும். அவர் செய்த மிக நல்ல காரியம் என் பேச்சைக் கேட்காமல் இருந்ததுதான். அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல்தான் யாருக்கும் பொருந்துகிற வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பழைய வாழ்த்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், வேறு சிலரிடமும் இதையே செய்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் டீக்கடையில் பேச்சுவாக்கில் தெரிந்தது, பட்டியலில் இருப்பது அவருடைய சான்றிதழ் பிறந்தநாள். பள்ளியில் சேர்க்க வயது பற்றாதபோது தேதியை முன்னே தள்ளி எழுதிக்கொடுப்பது நம் ஊர்களில் நெடுநாளாக நடப்பதுதான். அவர் வீட்டில் கொண்டாடுவது கார்த்திகையில். பொய்யான வரிகளைப் பொய்யான தேதியில் அனுப்பியிருக்கிறேன். ஆனால் உண்மையான நாள் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. அந்த நாள் வந்தபோது இப்படி எழுதினேன்:

“தம்பி, இன்றைக்குத்தான் உங்கள் பிறந்தநாள் என்று சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன். வாழ்த்துகள். அந்த நேவி ஆர்டரில் ரிப்பை டிஎல்84 விளக்கில் பார்த்துக் கட்டிங்கை நிறுத்தி வைத்தீர்கள். நான் கொடுக்கச் சொல்லியும் நிறுத்தினீர்கள். அன்றைக்கு நீங்கள் சரி, நான் தவறு. எல்லார் முன்னாலும் உங்களைப் பேசியது அதைவிடப் பெரிய தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ரிப்பும் உடல் துணியும் வரும்போதெல்லாம் நானும் இரண்டு விளக்கையும் போட்டுத்தான் பார்க்கிறேன். அது உங்களிடம் கற்றுக்கொண்டது.”

முதலில் எழுதியது இதைவிட நீளம். கடைசியில் “அடுத்த சீசனில் பெரிய பையரை உங்களிடம் தரலாம் என்று இருக்கிறேன்” என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அது வாழ்த்தின் தலையில் வேலையை ஏற்றுகிற வரி. நடக்காமல் போனால் வாக்கும் பொய்யாகிவிடும். “சீக்கிரம் கல்யாணச் சாப்பாடு போடுங்கள்” என்ற வரியையும் எடுத்தேன். நெருக்கம் காட்டுவதாக நினைத்து மேலாளர்கள் இப்படி வீட்டு விஷயத்துக்குள் நுழைகிறோம். இளையவருக்கு அதற்குப் பதில் சொல்ல வேண்டிய சங்கடம்தான் மிஞ்சும். அவரைக் கூர்ந்து கவனித்திருக்கிறேன் என்று காட்ட வேலையில் நடந்த ஒரு காரியமே போதும்.

குழுவின் வாட்ஸ்அப்பில் போடுவதா, தனியாக அனுப்புவதா என்று தயங்கினேன். எல்லார் முன்னாலும் திட்டியதற்கு எல்லார் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் பிறந்தநாளன்று மொத்தக் குழுவையும் பழைய சண்டைக்குச் சாட்சியாக நிறுத்துவது அவருக்குக் கூச்சமாக இருக்கும். கடிதத்தைக் கையால் எழுதித் தனியாகக் கொடுத்தேன். மன்னிப்பை அந்த வாரத்து மீட்டிங்கில் இரண்டே வாக்கியத்தில் வாய்விட்டுச் சொன்னேன்.

மாலையில் தம்பி என் மேஜைக்கு வந்தார். “நான் கட்டிங்கை நிறுத்துனது தப்போன்னு இத்தனை நாளா மனசுல ஓடிட்டே இருந்துச்சுங்ண்ணா” என்றார். ரிப் மாற்றப்பட்டது, சரக்கு தேதிக்குப் போனது, எல்லாமே அவருக்குத் தெரியும். இருந்தும் தான் செய்தது சரி என்று நான் ஒரு வார்த்தை சொல்லாததால் அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. அடுத்த முறை இப்படி ஒரு துணி வந்திருந்தால், அவர் பேசாமல் கட்டிங்குக்குக் கொடுத்திருக்கவும் கூடும்.

இப்போது ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறேன். யார் எந்த ஆர்டரில் எதைப் பிடித்தார், எதைத் தடுத்தார் என்று அன்றன்றே ஒரு வரி எழுதுகிறேன். மாதக்கணக்கில் நினைவில் வைத்திருப்பேன் என்று இனி என்னை நான் நம்புவதாக இல்லை. என் குழுவில் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே மட்டும் இதுவரை ஒரு வரியும் இல்லை. பேக்கிங் லிஸ்ட்டும் ஷிப்பிங் தாள்களும் அவர் பொறுப்பு. அவர் வேலையில் சிக்கலே வருவதில்லை என்பதால் நான் அந்தப் பக்கம் போனதில்லை. தையில் அவருக்குப் பிறந்தநாள். அதற்கு முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஷிப்மெண்ட்டை அவர் எப்படி முடிக்கிறார் என்று முழுதாகப் பார்க்க வேண்டும்.